எட்டில் மூன்று பழையவை: பேட்டரியின் தயாரிப்புக் குறியீட்டைப் படித்த ஒரு நிகழ்வு ஆய்வு

திண்டுக்கல்லில் உள்ள ஒரு சிறிய இரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து 2024 ஜூன் மாதத்தின் இரண்டாவது வாரத்தில் எனக்கு அழைப்பு வந்தது. அங்கே 3 கே.வி.ஏ. திறன் கொண்ட ஆன்லைன் யு.பி.எஸ். ஒன்று இருக்கிறது. மின்சாரம் போனதும் ஊழியர் ஒருவர் பின்கட்டுக்குப் போய் ஜெனரேட்டரை இயக்கிவிட்டு வரும் வரை பகுப்பாய்வுக் கருவியைத் தாங்குவதுதான் அதன் வேலை. பேட்டரி மாற்றிய புதிதில் பதினைந்து நிமிடம் தாங்கிய அந்த யு.பி.எஸ். இப்போது நான்கு நிமிடத்தில் அணைந்துவிடுகிறது என்றும், ஓடிக்கொண்டிருந்த மாதிரிகள் பாதியில் நின்று வேதிப்பொருள் வீணாகிறது என்றும் நிலையத்தை நடத்தும் அம்மையார் சொன்னார். பேட்டரிகள் முழுத் தொகுதியாக மாற்றப்பட்டு அப்போது பதினொரு மாதங்கூட ஆகியிருக்கவில்லை. ரசீதில் 21 ஜூலை 2023 என்று தேதி இருந்தது.

அந்த யு.பி.எஸ்.ஸுக்குள் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி அளவுள்ள, நீர் ஊற்றத் தேவையில்லாமல் சீல் செய்த எஸ்.எம்.எஃப். பேட்டரிகள் எட்டு, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டு மொத்தம் 96 வோல்ட் தருகின்றன. இத்தனை நேர்மின் அழுத்தம் கையில் பட்டால் ஆபத்து என்பதால், திறந்தவுடன் தொடரின் நடுவே உள்ள இணைப்பு ஒன்றைக் கழற்றி அதை இரண்டு துண்டாக்கிவிட்டுத்தான் மற்றவற்றைத் தொட வேண்டும். முதலில் வெறும் கண்ணால் பார்த்தேன். எட்டும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்பு, ஒரே நிறம், ஒரே ஸ்டிக்கர். வீக்கமோ கசிவோ எதிலும் இல்லை. எட்டும் ஒரே நாளில் ஒரே கடையிலிருந்து வந்தவை என்பதால், எட்டுக்கும் ஒரே வயதுதான் என்று அந்த நிலையத்தில் எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

இணைப்பை மீண்டும் கொடுத்து, மின்சாரத்தை நிறுத்தி, யு.பி.எஸ். பேட்டரியில் ஓடும்போது ஒவ்வொன்றின் அழுத்தத்தையும் மல்டிமீட்டரால் அளந்தேன். அணைவதற்குச் சற்று முன்னால் ஐந்து பேட்டரிகள் 11.8 வோல்ட்டில் திடமாக நின்றன. மற்ற மூன்றும் 9.1, 8.8, 9.4 என்று சரிந்திருந்தன. ஐந்தும் சேர்ந்து 59, மூன்றும் சேர்ந்து 27.3, ஆக மொத்தம் 86.3 வோல்ட். இந்த யு.பி.எஸ். 84 வோல்ட்டில் தன்னை அணைத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டது. ஐந்து பேட்டரிகளில் இன்னும் நிறைய மின்சாரம் மீதம் இருக்கும்போதே, மூன்று சரிந்ததால் மொத்தமும் அந்த எல்லைக்குக் கீழே போய்விடுகிறது. தொடர் இணைப்பில் எல்லாவற்றின் வழியாகவும் ஒரே மின்னோட்டம்தான் ஓடுகிறது. ஆகவே வலுவிழந்தது எதுவோ அதன் தாங்கும் நேரம்தான் முழுத் தொகுதியின் தாங்கும் நேரம்.

இந்த மூன்றும் மட்டும் ஏன் சரிந்தன என்ற கேள்விக்கு விடை பேட்டரிகளின் மேல் மூடியிலேயே எழுதப்பட்டிருந்தது.

மூடியில் இருந்த ஆறு எண்கள்

இந்த வகைப் பேட்டரிகளில் தயாரிப்புக் குறியீடு பெரும்பாலும் ஸ்டிக்கரில் இருப்பதில்லை. மூடியின் ஓரத்திலோ, டெர்மினலுக்கு அருகிலோ, பக்கச் சுவரின் மேல் விளிம்பிலோ மை தெளித்து அச்சிட்டிருப்பார்கள். சூடான அச்சால் பிளாஸ்டிக்கிலேயே பதித்திருப்பதும் உண்டு. பதித்த எழுத்தை நேராகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. கைப்பேசியின் விளக்கைக் கிடைமட்டமாகச் சாய்த்துப் பிடித்தால், பள்ளங்களில் நிழல் விழுந்து எண்கள் எழுந்து நிற்கும். மை அச்சாக இருந்தால் உலர்ந்த துணியால் மட்டும் துடைக்க வேண்டும். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் தூசியோடு தேதியும் போய்விடும்.

எட்டையும் வெளியே எடுத்து மேசையில் வரிசையாக வைத்து, தெரிந்த எண்களைத் தாளில் எழுதினேன். நான்கில் `230412`, ஒன்றில் `230428`, இரண்டில் `210920`, ஒன்றில் `211108` என்று இருந்தது.

ஆறு எண் கொண்ட குறியீட்டை ஆண்டு-மாதம்-நாள் என்றும் படிக்கலாம், நாள்-மாதம்-ஆண்டு என்றும் படிக்கலாம். இரண்டு வழக்கமும் சந்தையில் உண்டு. அவசரப்படுகிறவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். `230412` என்பதை 12 ஏப்ரல் 2023 என்றும் 23 ஏப்ரல் 2012 என்றும் படிக்க முடியும். பதினோரு ஆண்டுப் பழையதை யாரும் புதியது என்று விற்றிருக்க மாட்டார்கள் என்பதால் முதல் வாசிப்புதான் சரி என்று ஊகிக்கலாம். ஆனால் `210920` என்பதில் அந்த ஊகம் உதவாது. அது 20 செப்டம்பர் 2021 ஆகவும் இருக்கலாம், 21 செப்டம்பர் 2020 ஆகவும் இருக்கலாம். இரண்டுமே நடக்கக்கூடியவைதான், இரண்டுக்கும் நடுவே ஓர் ஆண்டு வித்தியாசம் இருக்கிறது.

இப்படிப்பட்ட நேரத்தில் ஒரே ஒரு பேட்டரியை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. அதே நிறுவனத்தின் மற்ற பேட்டரிகளையும் பக்கத்தில் வைத்து, இரண்டு வாசிப்புகளில் எது எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும். நடு இணை எப்படியும் மாதம்தான். முதல் இணையும் கடைசி இணையும்தான் சிக்கல். கடைசி இணை நடப்பு ஆண்டைவிடப் பெரிய எண்ணாக இருக்கும் ஒரு பேட்டரி கிடைத்துவிட்டால் வழக்கு தீர்ந்துவிடும். இங்கே அதைத் தீர்த்து வைத்தது `230428`. அதை நாள்-மாதம்-ஆண்டு என்று படித்தால் 23 ஏப்ரல் 2028 என்று வரும். 2024 ஜூனில் கையில் இருக்கும் பேட்டரி 2028-இல் செய்யப்பட்டிருக்க முடியாது. எனவே இந்த நிறுவனம் ஆண்டை முன்னால் எழுதுகிறது. அப்படியானால் ஐந்து பேட்டரிகள் 2023 ஏப்ரலில் செய்யப்பட்டவை. இரண்டு 20 செப்டம்பர் 2021-இலும், ஒன்று 8 நவம்பர் 2021-இலும் செய்யப்பட்டவை.

அழுத்தம் சரிந்த மூன்றும் 2021 என்று குறியிட்ட இந்த மூன்றேதான். ரசீது எழுதிய நாளில் ஐந்துக்கு வயது ஏறக்குறைய மூன்று மாதம். மற்ற மூன்றில் இரண்டுக்கு இருபத்திரண்டு மாதம், ஒன்றுக்கு இருபது மாதம்.

அந்த நிலையத்தின் இளம் ஊழியர் ஒருவர் என்னோடு கூடவே நின்று ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு பேட்டரியைக் கவிழ்த்து, அடிப்பாகத்தில் இருந்த ஒரு சிறு வட்டத்தைக் காட்டி, “சார், இதுலயும் தேதி இருக்கு, ஆனா வேற மாதிரி இருக்கு” என்றார். கடிகாரம் போல 1 முதல் 12 வரை எண்கள் கொண்ட வட்டம் அது. நடுவில் 20 என்ற எண்ணும், 8-ஐ நோக்கிய அம்புக்குறியும் இருந்தன. அவர் கவனித்தது நல்ல கவனிப்புதான், ஆனால் அந்த வட்டம் சொல்வது வேறொன்று. பிளாஸ்டிக் பெட்டியை வார்த்த அச்சில் திருகி வைக்கும் தேதிக் குறி அது. பெட்டி வார்க்கப்பட்டது 2020 ஆகஸ்டில் என்று அது சொல்கிறது, அதுவும் அச்சைக் கையாளுபவர் அம்பை ஒழுங்காகத் திருப்பி வைத்திருந்தால்தான். வெறும் பெட்டிகள் மாதக்கணக்கில் கிடந்த பிறகு அவற்றுக்குள் தகடும் அமிலமும் சேர்ந்து பேட்டரியாகலாம். பேட்டரியின் வயது தகடும் அமிலமும் சேர்ந்த நாளிலிருந்து தொடங்குகிறது. ஆகவே அடிவட்டத்தை வைத்துக் கடைக்காரரோடு வழக்காடினால் நியாயம் நம் பக்கம் இருக்காது.

பயன்படுத்தாமல் வைத்திருந்தது எப்படிக் கெட்டது

இருபத்திரண்டு மாதம் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தால் அது புதியதுதானே என்று அம்மையார் கேட்டார். சட்டையோ பாத்திரமோ என்றால் அவர் சொல்வது சரி. எஸ்.எம்.எஃப். பேட்டரி அப்படியல்ல. தொழிற்சாலையிலேயே அமிலம் சேர்த்து, சார்ஜ் ஏற்றி, மூடி வெளியே அனுப்புகிறார்கள். உள்ளே வேதிவினை அன்றே தொடங்கிவிடுகிறது. 25 டிகிரி செல்சியஸில் மாதத்துக்கு ஏறத்தாழ 3 விழுக்காடு மின்சாரம் தானாகவே கரைகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த வேகம் சுமார் இரு மடங்காகிறது. தகரக் கூரையின் கீழ் இருக்கும் நம் ஊர்க் கிடங்குகளில் சித்திரை, வைகாசி மதியங்களில் எவ்வளவு வெப்பம் இருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், 25 டிகிரிக்குச் சொன்ன கணக்கு இங்கே எத்தனை தூரம் செல்லும் என்பது புரியும். அந்தக் குளிர்ச்சியான கணக்கின்படியே 22 மாதத்தில் 66 விழுக்காடு கரைந்திருக்கும். வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்தால், நடுவில் யாரும் சார்ஜ் ஏற்றாதபோது பேட்டரி முற்றிலும் வற்றியிருக்கும்.

வற்றுவது மட்டும் என்றால் மறுபடி சார்ஜ் ஏற்றித் தீர்த்துவிடலாம். மின்சாரம் இறங்கும்போது தகடுகளின் மேல் காரீய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது திரும்பக் கரைந்துவிடும். மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிட்டால் அந்தப் படிவு பெரிய, கடினமான படிகங்களாக வளர்ந்துவிடுகிறது. அப்புறம் வழக்கமான சார்ஜில் அது முழுதாகக் கரைவதில்லை. படிகம் மூடிய அளவுக்குத் தகட்டின் பரப்பு வேலைக்கு உதவாமல் போகிறது. இதனால்தான் இத்தகைய பேட்டரிகளின் கையேடுகள், பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சார்ஜ் ஏற்றச் சொல்கின்றன. அந்த ஆறு மாதமும் 25 டிகிரிக்குச் சொன்னதுதான். நம் கிடங்குகளுக்கு நான் மூன்று மாதம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

உறுதி செய்துகொள்வதற்காக எட்டையும் என் பட்டறைக்குக் கொண்டுவந்து, தனித்தனியாக முழுதும் சார்ஜ் ஏற்றி, ஒரு நாள் ஓய்வில் விட்டு, ஒவ்வொன்றையும் 12 வோல்ட், 21 வாட் வாகனப் பல்பில் எரித்துப் பார்த்தேன். இந்தப் பல்பு சுமார் 1.75 ஆம்பியர் எடுக்கும். நல்ல 7 ஆம்பியர்-மணி பேட்டரி 10.5 வோல்ட்டுக்கு இறங்கும் வரை இதை ஏறத்தாழ மூன்று மணி நேரம் எரிக்கும். பெட்டியில் எழுதியுள்ள 7 ஆம்பியர்-மணி என்பது இருபது மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு. வேகமாக எடுக்கும்போது அது குறையும், அதனால் நான்கு மணி நேரத்தை எதிர்பார்க்கக் கூடாது. 2023 என்று குறியிட்ட ஐந்தும் இரண்டு மணி 25 நிமிடத்திலிருந்து இரண்டு மணி 40 நிமிடம் வரை எரித்தன. 2021 என்று குறியிட்ட மூன்றும் முறையே 50 நிமிடம், 58 நிமிடம், ஒரு மணி 10 நிமிடம் எரித்தன. இந்தக் கடைசி நேரம் நவம்பரில் செய்யப்பட்டது தந்தது. மூன்றில் இளையது அதுதான்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்த இழப்பு முழுவதும் கடையில் கிடந்தபோதே நேர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே வலுக் குறைந்து தொடருக்குள் நுழைந்த மூன்றும், ஒவ்வொரு மின்தடையிலும் மற்ற ஐந்தைவிட முன்னதாகவே வற்றி, 10.5 வோல்ட்டுக்கு வெகு கீழே இழுக்கப்பட்டு, மேலும் கெட்டிருக்கும். எவ்வளவு கடையில் போனது, எவ்வளவு யு.பி.எஸ்.ஸில் போனது என்று இப்போது பிரித்துச் சொல்ல வழியில்லை. இரண்டாவது கேட்டுக்கும் முதலாவதுதான் காரணம் என்பது மட்டும் தெளிவு.

வாரண்டி அட்டையில் ஒரு வரி

ரசீதுப்படி இன்னும் ஒரு வருடம் முடியவில்லை, எனவே வாரண்டியில் மாற்றிக் கொடுப்பார்கள் என்று அம்மையார் நம்பிக்கையோடு இருந்தார். அட்டையை வாங்கிப் படித்தேன். விற்ற நாளிலிருந்து 12 மாதம் அல்லது தயாரித்த நாளிலிருந்து 18 மாதம், இவற்றில் எது முந்தியதோ அதுவரை என்று சிறிய எழுத்தில் இருந்தது. எல்லா நிறுவனத்தின் அட்டையிலும் இந்த வரி இருப்பதில்லை. இருந்தால் அதன் பொருள் என்ன என்பதை இந்த நிகழ்வில் கணக்கிட்டுப் பார்க்கலாம். செப்டம்பர் 2021-இல் செய்த இரண்டின் 18 மாதம் 2023 மார்ச்சில் முடிந்துவிட்டது. நவம்பரில் செய்த ஒன்றுக்கு 2023 மே மாதத்தில் முடிந்தது. ரசீது எழுதியதோ அந்த ஆண்டு ஜூலையில். அந்த மூன்று பேட்டரிகளும் காசு கொடுத்து வாங்கிய நாளிலேயே வாரண்டி இல்லாதவை. மூடியைப் பார்க்காமல் வாங்கியவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

விற்ற கடைக்காரரிடம் குறியீடுகளைப் படமெடுத்துக் காட்டினேன். அவர் மறுக்கவில்லை. அன்று ஐந்துதான் புதிய சரக்கில் இருந்தன என்றும், எட்டாக்குவதற்காகப் பையன் பழைய கிடங்கிலிருந்து மூன்றை எடுத்துச் சேர்த்திருப்பான் என்றும் சொன்னார். மூன்றுக்குப் பதில் மூன்று புதியது தருவதாகவும் சொன்னார். நல்ல மனதோடு சொன்னதுதான், ஆனால் ஏற்றுக்கொள்ளக் கூடாத தீர்வு. பதினான்கு மாத வயதுள்ள ஐந்தோடு புதிய மூன்றைச் சேர்த்தால், அதே கலப்படத் தொகுதியை மறு திசையில் செய்தவர்கள் ஆவோம். அம்முறை ஐந்தும் முன்னதாகச் சரியும். எனவே அந்த மூன்றின் விலையைக் கழித்துக்கொண்டு, எட்டும் ஒரே மாதத்தில் செய்ததாக ஒரு தொகுதி வேண்டும் என்று கேட்டோம். அவரிடம் அப்படி எட்டு இல்லை. பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார்.

அடுத்த கடையில், வாங்குவதற்கு முன்னால்

19 ஜூன் 2024 அன்று மதுரையில் வேறொரு கடைக்குப் போனோம். அங்கே வேறு நிறுவனத்தின் பேட்டரி இருந்தது. அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் 05/2024 என்று ஒட்டியிருந்தார்கள். ஒரே மாதம்தான் ஆகியிருக்கிறது என்று அம்மையார் மகிழ்ந்தார். பெட்டியைப் பிரித்துப் பேட்டரியைக் காட்டும்படி கேட்டேன். “பெட்டியிலேயே அஞ்சாம் மாசம்னு போட்டிருக்கு பாருங்க சார்” என்றார் கடையில் இருந்த இளைஞர். பெட்டியில் போட்டது பெட்டிக்குள் வைத்த மாதமாகவும் இருக்கலாம் தம்பி, உள்ளே இருப்பதன் வயது அதன் மேலேதான் இருக்கும் என்று சொல்லிப் பிரிக்கச் செய்தேன்.

மூடியின் மூலையில் `J3` என்று பதித்திருந்தது. எழுத்து மாதத்தையும் எண் ஆண்டின் கடைசி இலக்கத்தையும் குறிக்கும் பழைய, பரவலான முறை இது. A என்றால் ஜனவரி, B என்றால் பிப்ரவரி என்று போகும். இதில் இரண்டு இடத்தில் ஐயம் வரும். ஒன்று, சில நிறுவனங்கள் I என்ற எழுத்தை 1 என்ற எண்ணோடு குழப்பிக்கொள்ளக் கூடாதென்று விட்டுவிடும். விடாத நிறுவனத்தில் J என்பது பத்தாவது எழுத்து, அக்டோபர். விட்ட நிறுவனத்தில் அது ஒன்பதாவது, செப்டம்பர். H வரை, அதாவது ஆகஸ்ட் வரை, இரண்டு முறையிலும் ஒரே விடைதான். அதற்குப் பிறகு ஒரு மாதம் முன்பின் ஆகும். வாங்கும் முடிவை அந்த ஒரு மாதம் மாற்றப்போவதில்லை என்றாலும், அலமாரியில் அதே நிறுவனத்தின் பெரிய பேட்டரி ஒன்றில் `M3` என்று இருந்ததைப் பார்த்தபோது அதுவும் தெளிவாகிவிட்டது. M என்பது பதின்மூன்றாவது எழுத்து. பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லை. எனவே நடுவில் I விடப்பட்டிருக்கிறது, M டிசம்பர், J செப்டம்பர்.

இரண்டாவது ஐயம் ஆண்டைப் பற்றியது. 3 என்பது 2023-ஆ, 2013-ஆ? ஒற்றை இலக்கம் பத்து ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வரும் என்பதால் குறியீடு மட்டும் இதைச் சொல்லாது. இங்கேதான் மல்டிமீட்டர் துணைக்கு வர வேண்டும். பத்து ஆண்டு கிடந்த பேட்டரி எந்த அழுத்தத்தையும் தாங்கி நிற்காது. இரண்டை அளந்தேன்: 12.58, 12.61. சார்ஜரிலிருந்து எடுத்து ஒரு நாளாவது ஓய்வில் இருந்த பேட்டரியில், முழு அளவு என்றால் 12.8-க்கு மேல் இருக்கும். 12.6 அருகில் என்றால் முக்கால் பங்கு, 12.3 என்றால் ஏறக்குறையப் பாதி, 12.0 என்றால் கால் பங்கு. செப்டம்பரிலிருந்து ஒன்பது மாதத்தில் கால் பங்கு கரைந்திருப்பது மாதத்துக்கு 3 விழுக்காடு என்ற கணக்கோடு ஒத்துப்போனது. ஆகவே 2023 செப்டம்பர், ஒன்பது மாதம். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தேதிக்கும் இதற்கும் எட்டு மாத வித்தியாசம்.

கடைக்காரர் இதை மறைக்கவில்லை, “ராத்திரி சார்ஜ் போட்டு வச்சு நாளைக்குத் தரேன் சார், ஃபுல்லா இருக்கும்” என்றார். அவர் சொன்னது உண்மைதான், மறுநாள் மீட்டரில் 12.9 காட்டியிருக்கும். அழுத்தத்தை மட்டும் நம்பி வாங்கக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணமே இதுதான். ஓர் இரவு சார்ஜ் மீட்டரின் எண்ணை உயர்த்தும், தகட்டின் மேல் வளர்ந்த படிகத்தை எடுக்காது. அழுத்தம் இன்றைய நிலையைச் சொல்கிறது, குறியீடு எத்தனை நாள் கிடந்தது என்பதைச் சொல்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். வயது குறைவாகவும் அழுத்தம் 12.6-க்குக் கீழேயும் இருந்தால் அந்தப் பேட்டரியில் உள்ளேயே ஏதோ குறை இருக்கிறது. வயது கூடுதலாகவும் அழுத்தம் 12.9 ஆகவும் இருந்தால் அது அண்மையில் சார்ஜ் ஏறியிருக்கிறது. அதற்கு முன்னால் எத்தனை முறை ஏற்றினார்கள் என்று எழுதி வைத்திருந்தால் அது நல்ல கடை, காட்ட ஒன்றும் இல்லையென்றால் விட்டுவிட வேண்டியதுதான்.

குறியீடு இருக்க வேண்டிய இடத்தில் கீறலோ, சுரண்டிய தடமோ, வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி மறைத்த தடமோ இருந்தால் நான் வேறு எதையும் அளப்பதில்லை, அந்தப் பேட்டரியை அப்படியே திருப்பி வைத்துவிடுவேன். இந்தக் கடையில் அப்படி எதுவும் இல்லை.

ஒன்பது மாத வயதுள்ளதை வேண்டாமென்று சொன்னபோது, கடைக்காரர் உள்கிடங்கிலிருந்து வேறு பெட்டிகளை எடுத்து வரச் செய்தார். பதினொன்று வந்தன. எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க அவர் பொறுமையோடு இடம் கொடுத்தார். ஒன்பதில் `C4`, இரண்டில் `A4`. C என்பது மார்ச், I-க்கு முந்திய எழுத்து என்பதால் எந்த முறையிலும் ஐயமில்லை. ஒன்பதையும் அளந்தபோது எட்டு 12.79-க்கும் 12.85-க்கும் இடையில் இருந்தன, ஒன்று மட்டும் 12.66 காட்டியது. அதை ஒதுக்கினோம். ஒரே மாதத்தில் பிறந்த கூட்டத்தில் ஒன்று தனியே கீழே நின்றால், வயது சரியாக இருந்தாலும் அதற்குத் தொடரில் இடமில்லை. ரசீதில் எட்டின் வரிசை எண்களையும் `C4` என்ற குறியையும் எழுதித் தரும்படி கேட்டு வாங்கினோம். வெறும் “7 ஏ.ஹெச். பேட்டரி – 8” என்று மட்டும் எழுதிய ரசீதை வைத்துக்கொண்டு பின்னால் எதையும் நிறுவ முடியாது. முதல் கடையின் ரசீது அப்படித்தான் இருந்தது. அவர் ஒப்புக்கொண்டது அவருடைய நேர்மையால்தான்.

இந்த வாசிப்பு எல்லாப் பேட்டரிக்கும் ஒரே அளவில் பொருந்தாது. இருசக்கர வாகனங்களுக்கான சில பேட்டரிகள் அமிலம் இல்லாமல் உலர்ந்த நிலையில் கடைக்கு வருகின்றன, விற்கும்போதுதான் அமிலம் ஊற்றுகிறார்கள். ஈரம் புகாமல் மூடி இருந்த வரைக்கும் அவை எஸ்.எம்.எஃப். போல வேகமாகக் கெடுவதில்லை, அங்கே அமிலம் ஊற்றிய நாள்தான் பெரிதும் முக்கியம். அதே வண்டிக்கு வரும் சீல் செய்த பேட்டரிக்கு இங்கே சொன்ன கணக்கு பொருந்தும்.

எட்டையும் பொருத்துவதற்கு முன்னால் தனித்தனியாக முழு சார்ஜுக்குக் கொண்டுவந்தேன். மூன்று மாதத்தில் எட்டும் சமமாக இறங்கியிருந்தாலும், சமமாக நிரம்பிய நிலையில் தொடங்குவது தொடருக்கு நல்லது. பொருத்திய மறுநாள் மின்சாரத்தை நிறுத்திச் சோதித்ததில் யு.பி.எஸ். பதினாறு நிமிடம் தாங்கியது. அணையும் நேரத்தில் எட்டுக்கும் இடையே இருந்த வித்தியாசம் 0.2 வோல்ட்டுக்கு மேல் போகவில்லை. பழைய தொகுதியில் `230412` என்று குறியிட்ட நான்கில் மூன்றை எடுத்து, வரவேற்பு மேசையில் இருக்கும் 36 வோல்ட் சிறிய யு.பி.எஸ்.ஸுக்குப் போட்டுக் கொடுத்தேன். மூன்றும் ஒரே நாளில் செய்யப்பட்டவை, பல்பிலும் ஏறக்குறைய ஒரே நேரம் எரித்தவை. 2021 என்று குறியிட்ட மூன்றும் காரீயக் கழிவாக முறையான மறுசுழற்சிக்குப் போயின.

யு.பி.எஸ்.ஸின் உள்கதவில் ஒரு தாளை ஒட்டி, எட்டின் வரிசை எண்கள், `C4`, பொருத்திய தேதி, ஓய்வு அழுத்தம், பதினாறு நிமிடம் ஆகியவற்றை எழுதி வைத்தேன். அந்த இளம் ஊழியர் அதன் கீழே தன் கையெழுத்தில் ஒரு கட்டம் வரைந்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை எட்டையும் அளந்து நிரப்புவதாகச் சொன்னார். முதல் வரி செப்டம்பர் 2024-இல் நிரம்பியது: எட்டும் சீராக இருந்தன, தாங்கிய நேரம் பதினாறு நிமிடம்.